ஹாலில் நின்றால் டிவி தெரிகிறது, ரூமுக்குப் போனால் காணோம்: காஸ்ட் பிரச்சினை (கேஎல், கொண்டோ வீடு)

செந்தூல்_வாசி
வணக்கம் எல்லாருக்கும். வீட்டில ஆண்ட்ராய்டு டிவி ஒண்ணு, கிச்சன்ல பேசுற ஸ்பீக்கர் ஒண்ணு. அம்மா காலையில சமைக்கும்போது பக்திப் பாட்டு கேட்கணும், அதை நான் போன்ல இருந்து காஸ்ட் பண்ணி விடுவேன். ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

பின் ரூமுக்கு லைன் எட்டலைன்னு ரெண்டு யூனிட் மெஷ் வாங்கிப் போட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து. ரூம்ல உட்கார்ந்து காஸ்ட் பட்டனை அழுத்தினா டிவியும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஹால்ல வாசல் பக்கம் நின்னா சில நேரம் ரெண்டும் வருது. டிவியில யூடியூப் நல்லா ஓடுது, அதனால நெட் இருக்கு. வைஃபை பேரும் ஒண்ணுதான், பாஸ்வேர்டும் ஒண்ணுதான். இன்னொரு அதிசயம், ஸ்பாட்டிஃபைல மட்டும் ரூம்ல இருந்தே ஸ்பீக்கர் பேரு தெரியுது!

டிவி கெட்டுப்போச்சா, மெஷ் கெட்டுப்போச்சா? கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி கேட்டுடலாம்னு.

பிறை_ரவி
பாஸ், இது ரொம்ப சிம்பிள். போனும் டிவியும் ஒரே வைஃபைல இருக்கணும், அவ்ளோதான். நீங்கதான் ஒரே பேருன்னு சொல்லிட்டீங்க, அப்போ நெட்வொர்க் ஓகே. மோடத்தை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க. சரியாகலைன்னா டிவியை ஃபேக்டரி ரீசெட். என் வீட்டுல அப்படித்தான் சரியாச்சு.

பிரிக்பீல்ட்ஸ்_தேவி
என் ஸ்பீக்கரும் இப்படித்தான் லா. முதல்ல பழைய போன்ல ப்ளூடூத்ல இணைச்சிருந்தேன், புது போன்ல லிஸ்ட்லயே வரலை. பழைய போன்ல ப்ளூடூத் ஆஃப் பண்ணினதும் வந்துடுச்சு. ப்ளூடூத் பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்திப் பாருங்க, நீல லைட் மினுக்கும்.

செந்தூல்_வாசி
தேவி அக்கா, இது ப்ளூடூத் இல்லை, வைஃபை வழியா காஸ்ட் பண்றது. போனை எடுத்துட்டு வெளிய போனாலும் பாட்டு நிக்காது, அதுக்காகத்தான் இது.

ரவி, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. ரீசெட் பண்ணினா டிவியில எல்லா ஆப்புக்கும் மறுபடி லாகின் பண்ணணும், அதுக்கு இன்னும் மனசு வரலை.

மீனா_நெட்வொர்க்
ரீசெட் வேணாம் தம்பி, கொஞ்சம் பொறுங்க. டிவி கெடலை, மெஷ்ஷும் கெடலை. ஹால்ல தெரியுது ரூம்ல தெரியலைன்னு நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு.

மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ரூம்ல இருக்கும்போது போனோட ஐபி என்ன (வைஃபை பேரை அழுத்தினா உள்ளே இருக்கும்). ஹால்ல வாசல் பக்கம் நின்னா அதே போனோட ஐபி என்ன. டிவி நெட்வொர்க் செட்டிங்ல டிவியோட ஐபி என்ன. டிவி வைஃபைலயா வயர்லயான்னும் சொல்லுங்க, வயர்னா எந்தப் பெட்டிக்குப் போகுது?

செந்தூல்_வாசி
ரூம்ல போன்: 192.168.68.54
ஹால்ல வாசல் பக்கம்: 192.168.1.23
டிவி: 192.168.1.7, வயர். நெட் கம்பெனிக்காரன் வாசல்கிட்ட மாட்டிட்டுப் போன ரௌட்டர்லதான் குத்தியிருக்கு.
ஸ்பீக்கரோட ஐபியும் பார்த்தேன், 192.168.1.12.

ஒரே போனுக்கு எப்படி அக்கா ரெண்டு நம்பர்?

மீனா_நெட்வொர்க்
ஏன்னா உங்க வீட்டுல இருக்கிறது ரெண்டு நெட்வொர்க். பேர் மட்டும்தான் ஒண்ணு.

நடந்தது இதுதான்னு நினைக்கிறேன். கம்பெனி ரௌட்டர் தன்னோட வைஃபையை இன்னும் விட்டுக்கிட்டே இருக்கு, அது கொடுக்கிற நம்பர் எல்லாம் 192.168.1-ல ஆரம்பிக்கும். நீங்க மெஷ்ஷை அதோட வயர்ல இணைச்சு, எல்லாப் போனையும் மறுபடி செட் பண்ண வேணாம்னு பழைய பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்திருக்கீங்க. மெஷ் ரௌட்டர் மோடுல இருக்கு, அதனால தனக்குன்னு இன்னொரு வட்டம் போட்டு 192.168.68 நம்பர் கொடுக்குது. போன் எந்த சிக்னல் பலமோ அதைப் பிடிக்கும். வாசல் பக்கம் பழைய ரௌட்டர், ரூம்ல மெஷ். டிவியும் ஸ்பீக்கரும் பழைய வட்டத்துலயே தங்கிடுச்சு.

இப்போ காஸ்ட் பட்டனை அழுத்தினா போன் என்ன செய்யுதுன்னு பாருங்க. அதுக்கு டிவியோட ஐபி தெரியாது. 224.0.0.251-ங்கிற முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்ல, "காஸ்ட் வாங்குற சாமான் யாராவது இருக்கீங்களா"ன்னு பொதுவா ஒரு சத்தம் போடும். கேட்ட டிவி தன் பேரையும் ஐபியையும் திருப்பிச் சொல்லும். அந்தப் பதில் வந்தாத்தான் லிஸ்ட்ல பேரு வரும். 224.0.0-ல ஆரம்பிக்கிற முகவரிக்குப் போற எதையும் ரௌட்டர் ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொண்ணுக்குக் கடத்தாது, விதியே அப்படித்தான். ரூம்ல நீங்க போட்ட சத்தம் மெஷ்ஷோட நின்னுடுது. டிவிக்கு நீங்க கூப்பிட்டதே தெரியாது.

ஸ்பாட்டிஃபைல தெரியுறது வேற வழி. அந்த ஸ்பீக்கர் ஏற்கெனவே உங்க அக்கவுண்ட்ல இருக்கு, அதனால அவங்க சர்வர் வழியாவே லிஸ்ட்ல வருது. வீட்டு நெட்வொர்க் சரியா இருக்குன்னு அதை வச்சு முடிவு பண்ணக்கூடாது. யூடியூப்லயும் டிவி செட்டிங்ல Link with TV code-னு ஒண்ணு இருக்கு, அந்த நம்பரைப் போன்ல போட்டா ரூம்ல இருந்தே ஓட்டலாம். அதுவும் இன்டர்நெட் வழியாப் போறதுதான். சரி பண்ற வரைக்கும் அம்மாவுக்குப் பாட்டு அதுல போடுங்க.

பிறை_ரவி
அக்கா ஒரு நிமிஷம். வேற வேற நெட்வொர்க்னா பிங் போகாதே? வாசி, ரூம்ல இருந்து டிவி ஐபிக்கு பிங் போட்டுப் பாருங்க. போச்சுன்னா ஒரே நெட்வொர்க்தான், அப்போ பிரச்சினை ஆப்லதான்.

செந்தூல்_வாசி
லேப்டாப்ல போட்டேன். போகுது! நாலுக்கு நாலு பதில் வருது. இப்போ யார் சொல்றது சரி?

மீனா_நெட்வொர்க்
பிங் போகத்தான் செய்யும். மெஷ்ஷுக்கு வெளியே இருக்கிறது பழைய ரௌட்டரோட நெட்வொர்க். உள்ளே இருக்கிற லேப்டாப் வெளியே எங்க வேணாலும் போகலாம், உலகத்துல இருக்கிற வெப்சைட்டுக்குப் போற மாதிரியே பக்கத்துல இருக்கிற டிவிக்கும் போயிட்டு வரும். டிவியில இருந்து லேப்டாப்புக்கு பிங் போட முடிஞ்சா அது போகாது. பாதை ஒரு பக்கம்தான் திறந்திருக்கு.

பிங் போனதால ஒண்ணு தெரிஞ்சுது ரவி, வயர்லயோ டிவியிலயோ கோளாறு இல்லை. கூப்பிடுற முகவரி தெரிஞ்சா போகுது, யார் இருக்கான்னு பொதுவாக் கேட்டா பதில் வரலை. வாசி, உங்க லேப்டாப் மேக்கா? அப்படின்னா ரூம்ல உட்கார்ந்து இந்த ரெண்டையும் ஓட்டுங்க.

```
nc -zv 192.168.1.7 8009
dns-sd -B _googlecast._tcp
```

முதல் வரி, டிவி காஸ்டுக்குக் கதவு திறந்து வச்சிருக்கான்னு பார்க்கும், 8009 அந்தக் கதவு நம்பர். ரெண்டாவது, போன் போடுற அதே சத்தத்தை லேப்டாப்ல இருந்து போடும். அது தானா நிக்காது, பார்த்துட்டு Ctrl+C அடிச்சு நிறுத்துங்க.

செந்தூல்_வாசி
மேக்தான். முதல் வரிக்கு `succeeded!` வந்துச்சு. ரெண்டாவது `STARTING` போட்டு அப்படியே உட்கார்ந்திருக்கு, ஒண்ணும் வரலை. அதே லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிட்டுப் போய் ஓட்டினேன், Add, Add-னு ரெண்டு வரி. ஒண்ணு டிவி, ஒண்ணு ஸ்பீக்கர்.

பிறை_ரவி
ஓ. அப்போ கதவு திறந்திருக்கு, ஆனா போர்டு மாட்டலை. ஐபி தெரியுமே, காஸ்ட் ஆப்ல நேரா ஐபி போட்டுச் சேர்க்க முடியாதா?

மீனா_நெட்வொர்க்
போட இடம் கொடுக்கலையே அவங்க. சாதாரண காஸ்ட் லிஸ்ட்ல, கண்டுபிடிச்சது மட்டும்தான் வரும்.

வானொலி_ஐயா
அன்பர்களே, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா பாட்டுக் கேட்க இவ்வளவு பாடா? மின்னல் எஃப்எம் வைத்தால் காலையில் தானாகப் பாடுகிறது. நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கிச்சனில் ஒரு சின்ன வானொலி, பேட்டரி மாற்றுவதோடு சரி. 224 என்ன, 192 என்ன!

செந்தூல்_வாசி
ஐயா, அம்மாவுக்கு வேணும்கிற பாட்டு வேணும்கிற நேரத்துல வரணுமே. 😄 அக்கா, சரி பண்றது எப்படி?

கெப்போங்_சிவா
நான் சொல்றேன். மெஷ் ஆப்ல Operation Mode-னு இருக்கும், அதை Router-ல இருந்து Access Point-க்கு மாத்துங்க. அப்புறம் மெஷ் தனி நம்பர் கொடுக்காது, எல்லாமே 192.168.1-க்கு வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை. மாத்தினதும் மெஷ் ரீபூட் ஆகும், போன்ல வைஃபையை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா புது ஐபி வாங்கிக்கும்.

செந்தூல்_வாசி
அந்த மெனுவைப் பார்த்தேன் சிவா. மாத்தினா பிள்ளைங்களுக்கு ராத்திரி நெட் நிறுத்துற டைமர் போயிடும்னு எச்சரிக்கை வருது. அது போச்சுன்னா வீட்டுல எனக்கே சோறு கிடைக்காது.

மீனா_நெட்வொர்க்
பல மெஷ்ல அப்படித்தான். அக்சஸ் பாயிண்ட் ஆனதும் அது வெறும் வைஃபை குழாய், யார் எப்போ நெட் போகலாம்னு முடிவு பண்ற வேலை பழைய ரௌட்டருக்குப் போயிடும். டைமர் வேணும்னா எதிர்ப்பக்கமா போங்க, எல்லாத்தையும் மெஷ்ஷுக்குள்ள கொண்டுவாங்க.

முதல்ல கம்பெனி ரௌட்டரோட வைஃபையை அணைச்சுடுங்க. பிரவுசர்ல 192.168.1.1 போட்டு உள்ளே போகணும், பாஸ்வேர்டு பெட்டியோட அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். 2.4, 5 ரெண்டையும் அணைக்கணும், ஒண்ணை விட்டா ஸ்பீக்கர் அதைத் தேடிப் பிடிச்சுக்கும். நீங்க ஒரே பேரு கொடுத்தது இப்போ நல்லதாப் போச்சு. பழைய வைஃபை போனதும் ஸ்பீக்கர் அதே பேரு, அதே பாஸ்வேர்டுன்னு தானா மெஷ்ல ஏறிடும், மறுபடி செட்டப் பண்ண வேண்டியதில்லை.

அப்புறம் டிவி வயரைப் பழைய ரௌட்டர்ல இருந்து உருவி மெஷ் யூனிட்டோட லேன் ஓட்டையில போடுங்க. டிவியை ஒருதரம் சுவிட்ச்ல அணைச்சுப் போடுங்க, ஐபி 192.168.68-க்கு மாறியிருக்கணும். அது மாறலைன்னா மத்த எதையும் பார்க்காதீங்க, வயர் சரியான ஓட்டையில இருக்கான்னு பாருங்க.

ஒண்ணு முக்கியம். நெட் கம்பெனி கொடுத்த டிவி பெட்டி ஏதாவது இருந்தா அதோட வயரை மட்டும் தொடாதீங்க. பல இடத்துல அந்தச் சானல் எல்லாம் இன்டர்நெட்டுக்குத் தனி, அதுக்குத் தனி வழியில வருது. மெஷ்ஷுக்கு மாத்தினா படம் நின்னுடும், அப்புறம் அதுக்கு வேற இழை போடுவீங்க.

கெப்போங்_சிவா
இப்படிப் பண்ணா ரௌட்டருக்குப் பின்னாடி ரௌட்டர் அப்படியேதான் இருக்கு. பிள்ளைங்க கேம்ஸ் ஆடினா போர்ட் திறக்கிறதுல தொல்லை வரும். முறையாப் பண்ணணும்னா கம்பெனிக்குப் போன் போட்டு அவங்க பெட்டியை பிரிட்ஜ் பண்ணி, ரௌட்டர் வேலையை மெஷ்ஷுக்கு மட்டும் விடச் சொல்லணும்.

மீனா_நெட்வொர்க்
முறைன்னா அதுதான் சிவா, மறுக்கலை. ஆனா பிரிட்ஜ் பண்ணினா லைனோட யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் மெஷ்ல அடிக்கணும், சில லைனுக்கு விலான் நம்பரும் போடணும். அம்மா பாட்டுக்கு அது வேணாம். காஸ்டுக்கு வேண்டியது போனும் டிவியும் ஒரே வட்டத்துல இருக்கிறது மட்டும்தான், அந்த வட்டம் எத்தனை ரௌட்டருக்குப் பின்னாடி இருந்தாலும் அதுக்குக் கவலை இல்லை.

பாயான்பாரு_பையன்
அக்கா, குறுக்க வந்ததுக்கு சாரி. என் கேஸ் கொஞ்சம் வேற. பாயான் பாருவில ரூம் வாடகைக்கு இருக்கேன், வைஃபை வீட்டு ஓனரோடது. போன் 192.168.0.31, ஸ்பீக்கர் 192.168.0.44. முதல் மூணு நம்பர் ஒண்ணுதானே? ஆனாலும் ஸ்பீக்கர் தெரியலை. ரவி அண்ணன் சொன்ன பிங் போட்டேன், அதுவும் போகலை.

மீனா_நெட்வொர்க்
வாசி கேஸுக்குத் தலைகீழ் இது. அவருக்கு நம்பர் வேற, பிங் போச்சு. உங்களுக்கு நம்பர் ஒண்ணு, பிங் போகலை. ஓனர் கெஸ்ட் வைஃபை கொடுத்திருப்பார், இல்லைன்னா AP Isolation-ங்கிற செட்டிங் ஆன்ல இருக்கும். வாடகைக்கு இருக்கிறவங்க ஒருத்தர் போனை ஒருத்தர் நோண்டாம இருக்க அது நல்லதுதான், அணைக்கச் சொல்லிக் கேட்காதீங்க.

சின்ன ரௌட்டர் ஒண்ணு வாங்குங்க, ஓனர் வைஃபையை வாங்கித் திரும்ப விடுற வசதி உள்ளதா. WISP-னு மெனுவில போட்டிருக்கும். அதுல உங்களுக்குன்னு ஒரு பேரு வச்சு, போனையும் ஸ்பீக்கரையும் அதுல ஏத்துங்க. ரிப்பீட்டர் மோடுல போடாதீங்க, அது ஓனரோட நெட்வொர்க்கையே நீட்டும், பழைய சுவர் அப்படியே நிக்கலாம். வாசி வீட்டுல தொல்லை பண்ண அதே ரெண்டு ரௌட்டர் அமைப்புதான் உங்களைக் காப்பாத்தும்.

பாயான்பாரு_பையன்
நூறு வெள்ளிக்குள்ள கிடைக்குமா அக்கா? ஓனர்கிட்ட சொல்லணுமா?

மீனா_நெட்வொர்க்
கிடைக்கும். சொல்லிட்டே போடுங்க, அவர் வீட்டு லைன்.

செந்தூல்_வாசி
அக்கா, ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பண்ணிட்டேன். வாசல் ரௌட்டர் வைஃபை ரெண்டையும் அணைச்சாச்சு, டிவி வயரை மெஷ்ல போட்டாச்சு. டிவி இப்போ 192.168.68.60, ரூம், ஹால், பால்கனி எங்க இருந்தாலும் தெரியுது. ஸ்பீக்கரும் தானாவே மெஷ்ல ஏறிடுச்சு, நீங்க சொன்னபடியே.

ரெண்டு பாக்கி. ஒண்ணு, மனைவியோட ஐபோன்ல யூடியூப் மியூசிக்ல மட்டும் எதுவும் தெரியலை, வேற ஆப்ல தெரியுது. ரெண்டு, ஸ்பீக்கரை அணைச்சுப் போட்டா எல்லாப் போன்லயும் வருது. ரெண்டு மூணு நிமிஷத்துல லிஸ்ட்ல இருந்து போயிடுது. பாட்டு ஏற்கெனவே ஓடிட்டு இருந்தா நிக்காம ஓடுது.

பிறை_ரவி
ஐபோனுக்கு நான் சொல்றேன், இது எனக்குத் தெரியும். Settings, Privacy & Security, Local Network. அங்க அந்த ஆப்புக்கு எதிர்ல பச்சை இருக்கணும். முதல் தடவை ஆப் கேட்கும்போது வேணாம்னு அழுத்தியிருப்பாங்க. 2020-ல ஐஓஎஸ் 14 வந்ததுல இருந்து இந்த அனுமதி இல்லாம ஆப் வீட்டு நெட்வொர்க்ல தேட முடியாது. விபிஎன் ஏதாவது ஓடுதான்னும் பாருங்க, அதுவும் சில நேரம் மறைச்சுடும்.

செந்தூல்_வாசி
ரவி, அதேதான்! வரிசையில அந்த ஒரு ஆப் மட்டும் பச்சை இல்லாம இருந்துச்சு. மேடம் சந்தோஷம்.

மீனா_நெட்வொர்க்
ஸ்பீக்கர் விஷயம் சுவாரஸ்யமானது. ஆன் ஆனதும் ஸ்பீக்கர் "நான் வந்துட்டேன்"னு தானா அறிவிக்கும், அது போனுக்குக் கேட்குது. அந்தத் தகவலை போன் ரொம்ப நேரம் வச்சிருக்காது, இந்த முகவரிப் பதிவுக்கு வழக்கமா 120 விநாடிதான் ஆயுள். அதுக்குள்ள மறுபடி கேட்டுப் புதுப்பிக்கணும். ரெண்டு மூணு நிமிஷத்துல போகுதுன்னா, ஸ்பீக்கர் பேசுறது போனுக்குக் கேட்குது, போன் கேட்கிறது ஸ்பீக்கருக்குப் போகலை. ஓடுற பாட்டு நிக்காததுக்குக் காரணம், ஓடறதுக்கு அந்தத் தேடல் தேவையே இல்லை.

மேக்ல அந்த `dns-sd` வரியை ஓட்டிட்டு ஸ்பீக்கரை அணைச்சுப் போடுங்க. Add வந்து, கொஞ்ச நேரத்துல Rmv வந்தா நான் சொல்றதுதான். லேப்டாப்பை ஸ்பீக்கர் பக்கத்து மெஷ் யூனிட்கிட்ட வச்சு ஒருதரம், மத்த யூனிட்கிட்ட வச்சு ஒருதரம் பாருங்க.

செந்தூல்_வாசி
கிச்சன்கிட்ட இருக்கிற யூனிட்டுல: Add வந்து அப்படியே நிக்குது. பின் ரூம் யூனிட்டுல: Add, கொஞ்ச நேரம் கழிச்சு Rmv.

கெப்போங்_சிவா
ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். இந்த மாதிரி பொதுச் சத்தத்தை, யார் கேட்கிறாங்கன்னு பார்த்து அந்தப் பக்கம் மட்டும் விடுற வசதி அது. மெஷ் செட்டிங்ல இருந்தா அணைங்க. நான் பார்த்த வீடுங்கள்ல பாதிக்கு அதுதான்.

மீனா_நெட்வொர்க்
எனக்கு அதுல சந்தேகம் இருக்கு சிவா. 224.0.0-ல வர்றதை ஸ்னூப்பிங் வடிகட்டாம எல்லாப் பக்கமும் விடணும்னுதான் முறை. பழைய டிஎல்என்ஏ சாமான் தேடுற 239.255.255.250 அதுல மாட்டும், இது மாட்டக்கூடாது. ஆனா எல்லா மெஷ்ஷும் முறைப்படியா நடக்குது? ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல ஏதோ ஒரு திசையில விழுங்குது, அது வரைக்கும் நிச்சயம். ஸ்னூப்பிங் அணைச்சுப் பாருங்க, வேற எதையும் அதே நேரத்துல மாத்தாதீங்க. ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல வயர் இழுக்க வழி இருந்தா அதையும் தனியா ஒருநாள் சோதிக்கலாம்.

செந்தூல்_வாசி
அணைச்சேன். சேவ் பண்ணினதும் மெஷ் தானா ரீபூட் ஆச்சு. நேத்து ராத்திரியில இருந்து பின் ரூம்லயும் Rmv வரலை. ஸ்னூப்பிங் போனதாலயா, ரீபூட் ஆனதாலயான்னு தெரியலை அக்கா.

கெப்போங்_சிவா
ஸ்னூப்பிங்தான். 😎

மீனா_நெட்வொர்க்
திரும்ப ஆன் பண்ணி, ரீபூட் ஆகி, மறுபடி Rmv வந்தா ஒத்துக்கிறேன். கம்பெனி டிவி பெட்டி இருந்து அதுல சானல் விட்டு விட்டு வந்தாலும் சொல்லுங்க, ஸ்னூப்பிங் இல்லைன்னா சில வீட்டுல அந்தச் சானல் வெள்ளம் வைஃபையில கொட்டும். பெட்டி வாசல் ரௌட்டர்லயே இருந்தா அது வராதுன்னு நினைக்கிறேன்.

செந்தூல்_வாசி
திரும்ப ஆன் பண்றதா? காலையில அம்மா பாட்டு முடிஞ்சதும் பண்றேன் அக்கா, அதுக்கு முன்னாடி மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்_தேவி
எல்லாம் படிச்சேன். என் ஸ்பீக்கர்லயும் வைஃபை படம் ஒண்ணு இருக்கே, அப்போ நானும் காஸ்ட் பண்ணலாமா? எங்க வீட்டுல ஒரே ரௌட்டர்தான்.

பிறை_ரவி
காஸ்ட் வசதி உள்ள ஸ்பீக்கர்னா பண்ணலாம் அக்கா. மாடல் நம்பர் ஸ்பீக்கர் அடியில இருக்கும், அதைப் போட்டோ எடுத்து புது இழையில போடுங்க, அங்க பார்த்துக்கலாம்.